பேக்கரிக்கு மூணு ரேக், கொட்டேஷன் வேணும்

ஆசாரியண்ணே வணக்கம். தூத்துக்குடி கடையில இருந்து பேசுதேன், போன வாரம் நீங்க வந்து பாத்துட்டுப் போனீங்கல்ல, அப்ப வாயால சொன்னத இப்ப அளவோட எழுதி அனுப்புதேன், இத வச்சு கொட்டேஷன் போட்டுக் குடுங்க.

மொதல்ல பப்ஸ் ரேக், இதான் முக்கியம். ட்ரே அளவு 18க்கு 12னுதான் கடையில விக்காங்க, ஆனா அது அடியும் இல்ல வாயும் இல்ல. உதடு வளைஞ்சு விரிஞ்சு இருக்கும்லா, வாய் அளவு 18¼க்கு 12¼ வருது, அடியில 11½ தான் அகலம். போன தடவ செஞ்சவரு அடிய மட்டும் அளந்துட்டுப் போய்ட்டாரு, ஒரு ட்ரே கூட உள்ள போகல, அப்புறம் பக்கப் பலகையச் செதுக்கி செதுக்கி கண்றாவி ஆயிருச்சு. அதனால பையன்கிட்ட ஒரு ட்ரே குடுத்து விடுதேன், அதையே வச்சு அளந்துக்கோங்க.

ஒரு வரிசைக்கு மூணு ட்ரே, 12 இஞ்ச் பக்கம் முன்னால பாத்து. ஒவ்வொரு அறைக்கும் உள்அகலம் 12¾ விட்டா ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் விளையாடும். 19 எம்எம் பிளைவுட் நாலு நிக்குறதால மொத்த அகலம் 41¼ வருதுன்னு என் கணக்கு, நீங்க ஒரு தடவ சரி பாத்துருங்க. அஞ்சு தட்டு, தட்டுக்குத் தட்டு 7 இஞ்ச். கீழ கவர், அட்டப்பெட்டி வைக்க 18 இஞ்ச்ல கதவு போட்ட அறை, அதுக்கும் கீழ 4 இஞ்ச் கால், தொடப்பம் உள்ள போகணும். ஆக உயரம் அஞ்சடிக்குள்ள நிக்கும்.

ட்ரே உக்கார பலகை வேண்டாம்ணே, சூடா எடுத்துட்டு வந்து வச்சு வச்சு பழைய ரேக்ல மைக்கா எல்லாம் அப்பளமா உப்பிருச்சு. ரெண்டு பக்கமும் அலுமினிய எல் ஆங்கிள் அடிச்சு விடுங்க. 1 இஞ்ச் போட்டா ட்ரே ஒரு பக்கமா நகந்தா அந்தப் பக்கம் பிடிமானமே இருக்காது, 1¼ இஞ்ச் போடுங்க. முன்னால 5 எம்எம் கண்ணாடி, நாங்க எடுக்குறது பின்னாலருந்து, அதனால ஸ்லைடிங் பின்பக்கம்.

ரெண்டாவது பிரெட், ரஸ்க், பன்னுக்கு சுவரோட ஒட்டுன ரேக். அகலம் 8 அடி, உயரம் 7 அடி, ஆழம் 14 இஞ்ச், அஞ்சு பலகை. கண்ணாடி கிடையாது, ட்ரேயும் கிடையாது. 2 அடி 8 இஞ்ச்க்கு ஒரு நிறுத்தம் குடுங்க, இல்லன்னா பிஸ்கட் டின்ன வச்சதும் நடுவுல தொங்கிரும்.

மூணாவது மக்ரூன் பெட்டி, கல்லா மேசை மேல உக்காரும். நம்ம ஊர் காத்து உங்களுக்குத் தெரியாததா, முட்ட வெள்ளக்கருவும் சீனியும் முந்திரியும்தானே, காத்து பட்டா ஒரு மணி நேரத்துல நமுத்துப் போகும், வெளியூர்க்காரங்க வாங்கிட்டுப் போய் குறை சொல்லுதாங்க. அதனால இது கதவு பிரஷ் இல்லன்னா ரப்பர் வச்சு இறுக்கமா மூடணும். சின்ன ட்ரே, வாய் அளவு 14¼க்கு 10¼, ஒரு தட்டுக்கு மூணு, ரெண்டு தட்டு. உள்ள எல்இடி பட்டி ஒண்ணு போதும், குண்டு பல்பு வேண்டவே வேண்டாம்.

பினிஷ் சொல்லிருதேன். உள்ள பூரா வெள்ள மேட் மைக்கா, எண்ணெய் பட்டா துணில தொடச்சா போற மாதிரி. வெளிய தேக்கு கலர் 1 எம்எம், பளபளப்பு வேண்டாம், கை ரேகையா தெரியும். ஓரத்துக்கு தேக்கு பீடிங் பாலிஷா இல்ல பிவிசி பட்டியான்னு யோசிக்கேன், ரெண்டுக்கும் தனித்தனி ரேட் போடுங்க. பலக 710 கிரேடுதான், சீல் நான் பாக்கணும். ஸ்க்ரூ, கீல் எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல், உப்புக்காத்துல சாதா ஸ்க்ரூ ரெண்டு வருஷத்துல செவந்து ஒழுகுது. பலக வெட்டுன எடம், சுவர்ப்பக்கம், காலடி எல்லாத்துலயும் கரையான் மருந்து அடிச்சிருங்க.

ஓவன் பக்கத்துல நிக்குற பெரிய ட்ரே வண்டி வெல்டிங் பட்டறையில சொல்லிட்டேன், அது உங்க கணக்குல வராது.

கொட்டேஷன்ல மூணு ரேக்குக்கும் தனித்தனியா, சாமான் வேற கூலி வேற, கண்ணாடியும் வண்டி வாடகையும் சேத்தியா இல்லையான்னு தெளிவா போடுங்க. சதுர அடி ரேட்டுன்னா முன்பக்க அளவா, பலகை மொத்தமுமா, அதையும் எழுதிருங்க, பின்னால நமக்குள்ள பேச்சு வரக்கூடாது. ஜிஎஸ்டி பில் வேணும்ணே. அட்வான்ஸ் 40, பலக வெட்டி கூடு நிக்கும்போது 40, கடையில மாட்டி ட்ரே எல்லாம் வழுக்கிட்டு உள்ள போனதும் 20 பர்சன்ட், ஒத்துவருமா?

கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் டிசம்பர் தொடங்கவும் மொய்ச்சிரும், அதனால நவம்பர் 20க்குள்ள மாட்டி முடிக்கணும், எத்தன நாள் ஆகும்னு நீங்களே எழுதுங்க. மாட்ட வர்றதுன்னா மத்தியானம் ரெண்டுல இருந்து நாலுக்குள்ள வாங்க, அப்பத்தான் கடை சும்மா கிடக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிருங்கண்ணே, ட்ரே நாளைக்குக் காலையில பட்டறைக்கு வந்துரும், அளந்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க, அது இல்லாம பையன் ஒரு ஈடு பப்ஸ் கம்மியா போடுவான்.