எஸ்.ஓ.பி. வரைவு: மாற்றி அடுக்கியது

தம்பி, பள்ளி, கல்லூரி, வேலை, பயிலரங்கு என்று நடந்த வரிசையிலேயே எழுதியிருந்தாய். ஏரி மூன்று இடத்தில் தலைகாட்டிவிட்டு ஓடிப்போனது. ஏரி, அளவை, எழுத்து என்று சேர்த்து அடுக்கிவிட்டேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன், அது சான்றிதழிலேயே இருக்கிறது. கிரந்தம் பற்றிய வரியைத் தூக்கிவிடாதே. நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

– அக்கா

கல்வெட்டியல் முதுகலைப் படிப்புக்கான நோக்க அறிக்கை

உத்திரமேரூர் என்றதும் குடவோலையைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த முறையில் ஆள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம். வயிரமேக தடாகம் என்னும் அவ்வூர் ஏரியைத் தூர்வார விடப்பட்ட கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. கொடுத்த பொன்னும் நிலமும் எத்தனை காலம் ஏரிக்கே செலவானது என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வி எங்கள் ஊர் ஏரியிலிருந்து வந்தது. நான் பள்ளியில் படித்தபோது அதன் மதகு ஒன்று அடைத்துக்கொண்டு கடைமடை வயல்கள் காய்ந்தன. யார் சரிசெய்வது என்று பஞ்சாயத்தில் பேசினார்களே தவிர, பொறுப்பேற்க ஆளில்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் பல ஊர்களில் அதே பேச்சைக் கேட்டேன்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். இறுதியாண்டுத் திட்டத்துக்கு எங்கள் ஏரியின் கரை மட்டத்தையும் கலிங்கின் உயரத்தையும் அளந்தேன். பிறகு ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஏரிப் புனரமைப்புக்கு நில அளவையாளராக இருந்தேன். மதகும் கலிங்கும் எந்த மட்டத்தில் இருந்தால் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணக்கிடத் தெரியும். ஆகவே கல்வெட்டில் ஒரு தூம்போ குமிழியோ வரும்போது, தரையில் அது எங்கே இருந்திருக்கும் என்று தேட என்னால் முடியும்.

எழுத்தில்தான் நான் பின்தங்கியிருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் ஒரு பயிலரங்கில் மைப்படி எடுக்கக் கற்றேன். வேலை நாள்களில் ஞாயிறுதோறும் அச்சான கல்வெட்டுப் பாடங்களை வைத்துக்கொண்டு சோழர் காலத் தமிழெழுத்தைப் படித்துப் பழகினேன். புள்ளி இல்லாததும், எகர ஏகாரம் ஒன்றுபோல் இருப்பதும் இப்போது பெரிதாக இடறுவதில்லை. ஆனால் இடையில் கிரந்தம் வந்தால் நின்றுவிடுகிறேன். வட்டெழுத்து இன்னும் தொடங்கவே இல்லை. இவற்றை ஆசிரியர் இல்லாமல் கற்க முடியாது என்பதால்தான் வேலையை விட்டு விண்ணப்பிக்கிறேன்.

முதல் ஆண்டிலேயே உத்திரமேரூர் ஏரிக் கல்வெட்டுகளின் அச்சுப் பாடத்தைச் சுவரிலுள்ள எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டில் அவற்றில் வரும் மதகுகளையும் வாய்க்கால்களையும் இன்றைய வரைபடத்தில் குறிப்பேன். அடையாளம் தெரியாதவற்றுக்குத் தனிப் பட்டியல் தருவேன்.