போட்டு வாறன்

(யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையில், கடற்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்தது)

தலைவர் அண்ணைக்கும் செயலாளருக்கும்,
முன்வரிசையில் இருக்கிற அப்புமாருக்கும்,
பிள்ளையை மடியில் உறங்கவிட்டுப்
பின்வரிசையில் இருக்கிற அக்காமாருக்கும்
வணக்கம்.

“ஒரு கவிதை வாசி பிள்ளை” என்றீர்கள்.
எனக்குத் தெரிந்த எழுத்து
சங்கத்து நிறுவைக் கொப்பி எழுத்து.
நீலக்கோடு போட்ட நீளக் கொப்பி.
திகதி, பெயர், மீன், கிலோ, விலை, கழிவு.
ஆறு நிரல்.
ஊருக்குத் திரும்பி வந்த காலம் தொட்டு
அந்த ஆறு நிரலுக்குள்தான்
உங்களை நான் எழுதி வருகிறேன்.
அதற்குள் அடங்காததை
இன்றைக்கு வாசிக்கிறேன்.

இரவு இரண்டரை மணி.
குசினியில் லைற் எரியும்.
முதலில் எழும்புவது அம்மா.
கேத்தில் கொதிக்கும் சத்தம்தான்
எங்கள் வீட்டுச் சேவல்.
ஒரு கோப்பை பிளேன் ரீ,
உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி.
இராத்திரிப் பிட்டில் மீன்குழம்பு விட்டுக் குழைத்து
அமுக்கி மூடிக் கட்டுவாள்,
கடல்தண்ணி உள்ளே போகாதபடி
இரண்டு பையில்.

அப்பா முற்றத்தில் இறங்கி
வடக்கே கடலைப் பார்த்து நிற்பார்.
அசையமாட்டார்.
வலக்கன்னம் குளிர்ந்தால் வாடை.
வலக்காதில் ஊதினால் கொண்டல்.
இடக்காதில் இரைந்தால் கச்சான்.
பிடரிமயிர் சிலிர்த்தால் சோளகம்.
பள்ளிக்கூடத்தில் எனக்குத்
திசை நான்கு என்று படிப்பித்தார்கள்.
அப்பாவின் முகத்தில் அதை
முன்னமே படித்திருந்தேன்.

படலை கிரீச்சிடும்.
“போட்டு வாறன்.”

அவ்வளவுதான்.
“போறன்” என்று ஒருநாளும் சொன்னதில்லை.
எங்கள் கரையில் எவரும் சொல்வதில்லை.
அம்மா “எங்கே” என்று கேட்கமாட்டாள்.
“எப்ப வருவீங்கள்” என்றும் கேட்கமாட்டாள்.
“ஓம்” என்பாள்.
அந்த ஓம் எனும் ஒற்றைச் சொல்லில்
மாதாவும் இருப்பாள், கண்ணகை அம்மனும் இருப்பாள்.

கரையில் நீங்கள் ஒருவரை ஒருவர்
முகம் பார்த்து அடையாளம் காண்பதில்லை.
இருமலில் தெரியும், நடையில் தெரியும்,
பீடி நெருப்பு உயர்ந்து தாழும் விதத்தில் தெரியும்.
வள்ளத்தைத் தள்ள எட்டுத் தோள் வேண்டும்.
யாருடைய வள்ளம் என்று எவரும் கேட்பதில்லை.
கூட்டுறவு என்பதைச் சட்டப் புத்தகத்தில்
பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறார்கள்.
நான் அதைக் கண்டது
மூன்று மணி இருட்டில், முழங்கால் தண்ணியில்,
அடுத்தவன் வள்ளத்தில் அழுந்திய தோளில்.

அப்புவின் காலத்தில் இந்த இடத்தில்
ஒரு பாட்டு இருந்தது.
தண்டு வலிக்கிற கைக்கு
மூச்சுப் பிடித்துக் கொடுக்கிற அம்பாப் பாட்டு.
அதன் ஓசை மட்டும் எனக்கு நினைவு;
சொல்லை நான் போட்டிருக்கிறேன்.
ஏலேலோவை நீங்கள் எடுத்துத் தாருங்கள்:

விடிவெள்ளி காலிக்குமுன் — ஏலேலோ
விரிகடலில் வலைவிழவே — ஏலேலோ
பெண்டாட்டி நேர்த்திவைச்சாள் — ஏலேலோ
பெருங்கடலே கேட்டிடம்மா — ஏலேலோ
பாரை வந்தால் படிக்காசு — ஏலேலோ
சீலா வந்தால் சீலைத்துணி — ஏலேலோ
சூடையேதான் வந்தாலும் — ஏலேலோ
சுட்டுத்தின்ன ஆளிருக்கு — ஏலேலோ

இப்போது மோட்டர் இரைகிறது.
கயிற்றை மூன்று தரம் இழுத்தால்
ஒரு தரம் பிடிக்கும்.
பாட்டுப் போன இடத்தில்
மண்ணெண்ணெய் மணக்கிறது.
அந்த மண்ணெண்ணெய்க்காக
2022-ல் எத்தனை நாள் கான்களை வரிசையில் அடுக்கிவைத்துக்
காத்துக் கிடந்தீர்கள்.
பிறகு ஆவணியில் ஒரே இரவில்
87 ரூபாய் லீற்றர் 340 ஆனது.
சிலர் மோட்டரைக் கழற்றிவைத்துவிட்டு
மறுபடி தண்டு எடுத்தீர்கள்.
விலை, கழிவு என்று அந்த மாதமும் நான் எழுதினேன்.
தோள்மூட்டு வீங்கியதை எழுத
நிரல் இருக்கவில்லை.

கரைவிட்டு விலகினால் இருட்டுக்கு உள்ளே இருட்டு.
எத்தனை பாகம் தண்ணி என்று
கயிறு சொல்லும்.
கீழே கல்லா சேறா என்று
ஏறிவரும் நங்கூரம் சொல்லும்.
கையளவு திரையில் இடம்காட்டும் கருவி வந்துவிட்டது, சரி.
ஆனாலும் அப்பா அதைப் பார்த்தபிறகு
ஒருக்கால் வானத்தையும் பார்ப்பார்.
பழைய கணக்கனிடம் கேட்டுச் சரிபார்ப்பதுபோல.

வலை இழுக்கிற கையை
நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.
சுட்டுவிரல் மடிப்பில் நூல் அறுத்த கோடு.
அதன்மேல் உப்பு.
அதன்மேல் மறுபடி நூல்.
நண்டு கடித்தது ஒரு பக்கம்,
திருக்கை முள் குத்தியது ஒரு பக்கம்.
கொப்பியில் கையெழுத்துப் போட
நீங்கள் பேனை பிடிக்கும்போது
விரல் மடங்காது.
அதனால்தான் அந்தக் கட்டத்தை
நான் பெரிதாக அடித்து வைத்திருக்கிறேன்.
ஒருவரும் கேட்டதில்லை, இன்று சொல்கிறேன்.

திங்கள், புதன், சனி.
கிழமையில் இந்த மூன்று இரவும்
எங்கள் கடலுக்கு வேறு வெளிச்சம் வரும்.
வரிசையாக, தெருவிளக்குப்போல.
இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள்.
அடியைச் சுரண்டி, கற்பாரைத் தகர்த்து,
குஞ்சும் முட்டையும் ஒன்றாய் வாரி
இரவோடு இரவாய்ப் போகும்.
விடிய நாங்கள் போனால்
மிதப்பு ஒரு பக்கம், வலை ஒரு பக்கம்.
கடன்பட்டு வாங்கிய வலை
கைக்குட்டை அளவில் திரும்பி வரும்.
2017-ல் எங்கள் நாட்டில்
இழுவைமடிக்குத் தடைச்சட்டம் வந்தது.
காகிதத்தில் வந்த சட்டம்
கடலுக்கு இன்னும் முழுதாய் வந்து சேரவில்லை.
அக்கரையில் அந்தப் படகில் கூலிக்கு நிற்பவனும்
ஏலேலோ என்றுதான் பாடுவான்.
அவன் வீட்டிலும் ஒருத்தி விழித்திருப்பாள்.
அவனோடு எனக்குப் பகையில்லை.
ஆனால் அண்ணைமாரே,
அவன் படகு இழுக்கிற மடி
எங்கள் பிள்ளைகளின் சோற்றுக் கோப்பை.
இதை மெல்லமாய்ச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1990 ஆனி மாதம்
உலையில் அரிசி கிடக்க
இந்தக் கரையை விட்டு ஓடினோம்.
தீவு முழுதும் பேர்தெரிந்த துறை
ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் போனது.
27 வருசம்.
கடற்கரைச் சனம் மல்லாகத்து முகாமில்
கிணற்றுத்தண்ணிக்கு வரிசையில் நின்றது.
நான் பிறந்தது அங்கே.
கடலை முதலில் நான் கேட்டேன், பிறகுதான் கண்டேன்;
அப்பா உறக்கத்தில் காற்றின் பேர் சொல்லுவார்.
பாஸ் எடுத்து, நேரம் கேட்டு,
பருத்தித்துறைப் பக்கம் பிறத்தியார் கரையில்
வள்ளம் விட இடம் இரந்து தொழில் செய்தீர்கள்.
இடம் தந்த அந்தக் கரைக்கு
இந்தச் சபையில் ஒரு கும்பிடு.

2017 யூலை 3.
கம்பி திறந்தது.
வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு.
கிணற்றைத் தேடினோம், அத்திவாரத்தைத் தேடினோம்.
அப்பா ஒன்றையும் தேடவில்லை.
நேரே கரைக்கு நடந்தார்.
குனிந்து, ஒரு கை தண்ணி அள்ளி
முகத்தில் அடித்தார்.
வாயில் பட்ட உப்பைத்
துப்பாமல் விழுங்கினார்.

திரும்பாதவர்களையும் திரும்பிவந்து ஆளைக் காணாதவர்களையும் இங்கே சொல்லவேண்டும்.
1964 மார்கழிப் புயலை
இந்த முன்வரிசை இன்னும் மறக்கவில்லை.
1986 ஆனியில் மண்டைதீவுக் கடலில்
குருநகர்ச் சகோதரர்கள்
வலையோடு வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள்.
2004 மார்கழி 26,
வடமராட்சிக் கிழக்கில்
கடலுக்குப் போனவன் வந்து பார்க்கக்
கரையில் வீடு இல்லை, வீட்டில் ஆள் இல்லை.
அவர்களும் அந்த விடியலுக்கு முன்
படலையில் நின்று
“போட்டு வாறன்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.
எழும்பத் தேவையில்லை. இருந்தபடியே
ஒரு நிமிசம் தலையைக் குனிவோம்.

.

.

இனி என் கொப்பியில்
மூன்று வெற்றுப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரு கார்த்திகை. வாடை முற்றிய நேரம்.
எல்லா வள்ளமும் வந்தாயிற்று,
ஒன்றைத் தவிர.
பேரை எழுதிவிட்டேன்.
மீன் என்ற கட்டம் வெறுமை.
கிலோ வெறுமை.
பத்து மணி, பதினொன்று.
அவருடைய மனுசி தராசடியில் வந்து நின்றா.
அழவில்லை.
என் கொப்பியைப் பார்த்தபடியே நின்றா,
நான் எழுதினால் அவர் வந்துவிடுவார் என்பதுபோல.

அன்று பின்னேரம் எவரும் வலை ஏற்றவில்லை.
மண்ணெண்ணெய்யை மட்டும் ஏற்றினீர்கள்.
கடைசிக் கானையும் சங்கம் திறந்து கொடுத்தது.
அடுத்த வீட்டோடு வேலிச்சண்டைக்காரன்
அந்த வீட்டானோடு ஒரே வள்ளத்தில் ஏறினான்.
மூன்று நாள்.
கரையில் ஒரு கிலோ மீன் நிறுக்கவில்லை.
கடன்காரன் வந்து கேட்டபோது
“நாளைக்கு வா, இண்டைக்கு ஆள் தேடுறம்” என்றீர்கள்.

மூன்றாம்நாள் பொழுதுபட,
நெடுந்தீவுக்கு மேற்கே
மோட்டர் நின்று, வாடையில் அடிபட்டு
மிதந்த வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தீர்கள்.
உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது.
இரண்டுபேர் தாங்கி இறக்க
நேரே தராசடிக்கு வந்தார்.
“வந்திட்டன் பிள்ளை. எழுது.”

என்ன எழுத?
மீன்: இல்லை. கிலோ: இல்லை. விலை: இல்லை.
கழிவு: இல்லை.
பேருக்கு நேரே ஒரு சரி போட்டேன்.
கை நடுங்கி அது நீளமாய்ப் போய்
ஆறு நிரலையும் கடந்தது.
கணக்காய்வாளர் வந்து
“இந்த மூன்று பக்கம் ஏன் காலி” என்று கேட்டார்.
அவருக்கு நான் சொன்ன கதைதான் இது.
கேட்டுவிட்டுப் பேனையை மூடிக்கொண்டு
கொஞ்சநேரம் கடலைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் இன்றைக்கு இங்கேதான் இருக்கிறார்.
மூன்றாம் வரிசை, வெள்ளைச் சேட்டு.
பார்க்காதேங்கோ, வெட்கப்படுவார்.

அக்காமாரே, உங்களை விட்டுவிட்டேன் என்று எண்ணாதேங்கோ.
விடிய வலையில் சிப்பியும் சாதாளையும் கழற்றுகிற கை,
வெயிலில் கருவாடு திருப்பிப்போடுகிற கை,
பொத்தல் கண்டவுடன்
பேச்சை நிறுத்தாமலே வலை பொத்துகிற கை.
இந்தக் கைகளுக்கும் கொப்பியில் பேர் வேண்டும்.
அடுத்த கொப்பிக்கு நான் கோடு போடும்போது
ஏழாவதாய் ஒரு நிரல் போடுவேன்.
தலைவர் அண்ணை, இதைக் கவிதையாய் எடுக்காமல்
பிரேரணையாய் எடுங்கோ.

இன்று ஞாயிறு.
கிழமையில் இந்த ஒருநாள்தான்
எல்லா வள்ளமும் கரையில் கிடக்கிறது.
வரும்போது எண்ணிப் பார்த்தேன்.
ஒன்றும் குறையவில்லை.

நேரம் ஏழரை.
சிலர் மணிக்கூட்டைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது.
வலை ஏற்றவேண்டும், இரண்டரைக்கு எழும்பவேண்டும்.
வெளியே காற்று மாறுகிறது,
வலக்காதில் படுகிறது.
கூழ் ஆறுமுன் குடித்துவிட்டுப் போங்கோ.
ஒடியற்கூழ், நண்டு போட்டது.

விடிய நான் தராசடியில் இருப்பேன்.
நாளைய திகதி எழுதியாயிற்று.
எல்லாருடைய பேரும் எழுதியாயிற்று.
போட்டு வாங்கோ.