அலைப் பயிற்சித்தாள் – ஒன்பதாம் வகுப்பு

எல்லாக் கணக்குக்கும் ஒரே சூத்திரம்: v = f × λ. வேகம் மீட்டர்/வினாடியில், அதிர்வெண் ஹெர்ட்ஸில், அலைநீளம் மீட்டரில். அலகை மாற்றிவிட்டு அப்புறம் பெருக்குங்கள், பாதி மதிப்பெண் அங்கேதான் போகிறது.

1. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் ஒலி காற்றில் 340 மீ/வி வேகத்தில் போகிறது. அலைநீளம் எவ்வளவு?

2. அதே ஒலி தண்ணீருக்குள் போனால் வேகம் சுமார் 1480 மீ/வி. அதிர்வெண் மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது கவைதான். அப்படியானால் அலைநீளம் கூடுமா, குறையுமா? கணக்கிட்டுக் காட்டுங்கள்.

3. சென்னையில் 101.4 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலை வானொலியின் அலைநீளம் என்ன? ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது 3 × 10⁸ மீ/வி வேகத்தில் போகும்.

4. கிராஃப் தாளில் நடுக்கோடு போட்டு (0,0), (2,3), (4,0), (6,−3), (8,0), (10,3), (12,0) புள்ளிகளை வளைவாக இணையுங்கள். ஒரு கட்டம் 1 செ.மீ. வீச்சை நடுக்கோட்டிலிருந்து முகடு வரைக்கும்தான் அளக்க வேண்டும். அகட்டிலிருந்து முகடு வரை அளந்து 6 என்று எழுதினால் அது இரட்டிப்பு. சரி, வீச்சு எவ்வளவு? அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு நடுவே எத்தனை செ.மீ.?

5. இந்த அலையின் அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ் என்றால் வேகம் என்ன? வீச்சை மட்டும் இரண்டு மடங்காக்கி வரைந்தால் அந்த வேகம் மாறுமா? காரணத்தோடு எழுதுங்கள்.