பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்புங்கள்: துணி மாற்றுவதும் பணம் திரும்புவதும்

மண்டபம் ஊரில் எங்கள் கடைப்படி ஏறி வருகிறவர்கள் துணியை உதறிப் பார்ப்பார்கள், வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. போனில் படம் பார்த்து வாங்குகிற உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்காகத்தான் கீழே உள்ள வழக்கம்.

எத்தனை நாள்?

பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாள். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். துணி எங்களிடம் வந்து சேர்வது பிறகு நடக்கட்டும். ஆர்டர் உறுதியான செய்தி எந்த எண்ணிலிருந்து வந்ததோ அதே எண்தான். பதில் சொல்பவர் பெரும்பாலும் உங்கள் புடவையை மடித்துக் கட்டிய அக்காவாகத்தான் இருப்பார்.

இரண்டு இடத்தில் இந்த 10 நாள் நீளும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், இறக்கும் வரை உள்ள நாட்கள் கணக்கில் சேராது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தபாலும் கூரியரும் எப்படி ஓடும் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறோம்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருகிறவருக்கு எடுத்து வைக்கும் உடுப்பு. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து இப்படி நிறைய ஆர்டர் வருகிறது. மச்சான் வந்து போட்டுப் பார்த்தால்தானே அளவு தெரியும்? ஆர்டர் போடும்போதே அவர் வரும் தேதியைச் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியிலிருந்து 10 நாள் எண்ணுவோம். டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்ல மாட்டோம்.

எங்கள் தவறு என்றால்

கிழிசல், ஓட்டை, கறை, கேட்டது ஒன்று வந்தது ஒன்று, அளவு மாறியது, படத்தில் இல்லாத கரை: எதுவானாலும் முழுப் பணம். முதலில் நீங்கள் கட்டிய டெலிவரி கட்டணமும் சேர்த்து. திருப்பி அனுப்பும் செலவும் எங்களுடையது. பக்கத்துத் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் போட்டு ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால் அன்றே அந்தத் தொகை வந்துவிடும்.

பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்ற நிபந்தனை எங்களிடம் கிடையாது. ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் போன் என்று நின்று சாட்சி சேர்ப்பது வாங்குகிறவர் வேலை இல்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் போதும்.

பண்டிகைக்குச் சொன்ன தேதி தவறினாலும் இதே கணக்குதான். பெருநாள் கழித்து வந்த பெருநாள் சட்டையை வைத்து நீங்கள் என்ன செய்ய? வாங்காமலே திருப்பிவிடலாம். குறையுள்ள பொருள், சொன்னபடி இல்லாத பொருள், சொன்ன தேதிக்கு வராத பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன. ஆகவே இதில் எங்கள் பெருந்தன்மை என்று எதுவும் இல்லை.

தறித்துணியில் எது குறை, எது குறை இல்லை

எங்கள் பருத்திப் புடவைகள் பரமக்குடி, எமனேசுவரம் தறிகளில் நெய்தவை. கையால் நெய்யும்போது இழை அறும், நெசவாளர் முடிச்சுப் போட்டுத் தொடர்வார். அந்தச் சிறு முடிச்சும், அங்கங்கே சற்றுத் தடித்துத் தெரியும் இழையும் குறை ஆகாது. ஆனால் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், பாவு விட்டுப் போய் நீளக் கோடாகத் தெரிந்தால், புடவை ஐந்தரை மீட்டருக்குக் குறைந்தால் அது குறைதான். 'கைத்தறி என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லித் தப்பிக்க மாட்டோம்.

சாயம்: அடர் சிவப்பும் கருநீலமும் முதல் துவையலில் கொஞ்சம் விடும். தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய துணிக்கு அதனால் பயன் இல்லை. மூன்றாவது துவையலிலும் வாளித் தண்ணீர் நிறம் மாறினால், நாள் கடந்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். துவைத்த துணிதான், பரவாயில்லை. உப்புக் கலந்த போர் தண்ணீரில் துவைத்துத் துணி மொரமொரப்பானது மட்டும் எங்கள் கணக்கில் வராது. எங்கள் வீட்டுத் துணியும் அப்படித்தான் இருக்கிறது.

சுருக்கம்: பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடியது. 28 அங்குலச் சட்டை ஓர் அங்குலம் போய்விடும். அதனால் துணியை நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்கிறோம். அப்படியும் அரை அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் சட்டையை மாற்றித் தருவோம்.

மனம் மாறினால்

நிறம் முகத்துக்கு எடுக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அவசரத்தில் வாங்கிவிட்டேன்: எல்லாம் சரியான காரணங்களே. கட்டாத, துவைக்காத துணியாக, அட்டையோடு அனுப்புங்கள். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வேறு அளவு வேண்டுமென்றால் அதை உங்களுக்கு அனுப்பும் செலவை முதல் முறை நாங்கள் ஏற்கிறோம்.

போட்டுப் பார்ப்பது வேறு, கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு அனுப்புவது வேறு. அத்தரோ மீன் வாடையோ ஏறிய துணியைத் திரும்ப எடுக்க இயலாது. நாங்களும் தினம் மீன் வாங்கப் போகிறவர்கள், வாடை தெரியும்.

உள்ளாடை, அளவு கொடுத்துத் தைத்த பிளவுஸ், பால்ஸ் அடித்து ஓரம் தைத்த புடவை ஆகியவை மனம் மாறினால் திரும்பாது. எங்கள் தவறு இருந்தால் இவையும் திரும்பும். பிளவுஸ் துண்டை வெட்டிய பிறகு முந்தியில் ஓட்டை தெரிந்ததா? வெட்டியதோடு சேர்த்து அனுப்புங்கள்.

பணம் எப்போது வரும்?

துணி எங்களிடம் வந்த இரண்டு வேலை நாளுக்குள் பணத்தை விடுவிப்போம். யுபிஐ என்றால் பெரும்பாலும் அன்றே தெரியும். கார்டு என்றால் வங்கியைப் பொறுத்து ஒரு வாரம் வரை ஆகலாம். வீட்டு வாசலில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களுக்கு யுபிஐ அல்லது வங்கிக் கணக்கில் போடுவோம். 'கடைக் கிரெடிட்' என்று கூப்பனைத் திணிக்கும் பழக்கம் இல்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் எண்ணோ ஓடிபியோ கேட்டு, 'ரீஃபண்ட் லிங்க்' என்று ஒன்றை அனுப்பினால், எங்கள் பெயரைச் சொன்னாலும் அது நாங்கள் இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

எங்கள் பதில் திருப்தி இல்லையென்றால்

குறைதீர் அலுவலரின் பெயரும் எண்ணும் பில்லின் அடியில் அச்சாகி இருக்கும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததைச் சொல்வார், ஒரு மாதத்துக்குள் முடித்துத் தருவார். அதன் பிறகும் மனக்குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அழைத்தீர்கள் என்பதற்காக அடுத்த ஆர்டரை மறுக்க மாட்டோம்.

இந்த வழக்கத்தில் ஏதாவது மாற்றினால், ஆர்டர் போட்ட நாளில் இங்கே என்ன எழுதியிருந்ததோ அதுவே உங்களுக்குச் செல்லும்.