சேவே - சைட் எஞ்சினியரிங் வேலைக்கான எனது விபரக்கோவை

பெயர்: சி. நிரூபன்
இடம்: விசுவமடு. கிளிநொச்சி, முல்லைத்தீவு ரெண்டு பக்கமும் பைக்கில போய் வருவன்
கேக்கிற வேலை: குளம், வாய்க்கால் புனரமைப்பு சைட்டில சேவேயர், இல்லாட்டி செட்டிங் அவுட் பாக்கிற சைட் எஞ்சினியருக்கு உதவியாள்
தொடர்பு: இந்த மெசேஜ் வாற நம்பர்தான், வாட்சப்பும் அதுதான்

சேர், முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். நான் லைசென்ஸ் எடுத்த சேவேயர் இல்லை. காணி எல்லைப் பிளானில கையெழுத்து வைக்கிற அதிகாரம் எனக்கில்லை, அப்பிடி ஒரு வேலையை என்னட்டத் தரவும் வேண்டாம். பீல்டில அளக்கிறது, கணக்கு முடிக்கிறது, கீறுறது, கட்டேக்க லைனும் லெவலும் குடுக்கிறது, இவ்வளவும் தனியா நிண்டு செய்வன்.

படிப்பும் அனுபவமும்

ஏ.எல். கணிதப் பிரிவு, 2014. பிறகு வவுனியாவில டிராஃப்ட்ஸ்மன் கோர்ஸ் முடிச்சன். 2017ல கிளிநொச்சியில ஒரு லைசென்ஸ்ட் சேவேயரிட்ட பிறிசம் பிடிக்கிற ஆளாத்தான் சேந்தனான், அங்கயே மெசின் பிடிச்சு, புக்கிங் பழகி, கடைசியில பிளான் எல்லாம் என்ர கையாலதான் கீறிக் குடுத்தது. 2021ல இருந்து கொன்ராக்டர்மாரோட சைட்டில.

கையில பழகின கருவிகள்

டோட்டல் ஸ்டேசன்: லைக்கா டிஎஸ் 06 (5 செக்கன்), சொக்கியாவும் பிடிச்சிருக்கிறன். மெசின் மாறினா முதல் பாக்கிறது பிறிசம் கொன்ஸ்ரன்ட், ஏனெண்டால் ஒரு கொம்பனி மெசினுக்கு இன்னொரு கொம்பனி பிறிசத்தைக் குடுத்துப்போட்டு கொன்ஸ்ரன்ட் மாத்தாம விட்டா எல்லாத் தூரத்திலயும் ஒரே பிழை வரும், மூண்டு சென்ரிமீட்டர் எண்டாலும் கல்வெட்டு ஒண்டை வைக்கேக்க அது பெரிய விசயம்.

ஓட்டோ லெவல்: இதுதான் என்ர பலம். வேலை துடங்க முதல் ரூ பெக் டெஸ்ட் போட்டுத்தான் மெசினை நம்புவன். பேக் சைட்டும் ஃபோர் சைட்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். பத்து மணிக்குப் பிறகு எங்கட வெயிலில நிலத்தோட ஆவி ஆடும், ஸ்டாஃபின்ர கீழ் முப்பது சென்ரிமீட்டர் வாசிப்பை எடுக்கமாட்டன். லெவலிங் எண்டால் விடியக்காலமை போய் முடிச்சுப்போட்டு வெயிலேற மற்ற வேலை.

ஜிஎன்எஸ்எஸ் ஆர்டிகே: பேஸ் வச்சு ரோவரோட ஓடுறது. பூநகரி, கண்டாவளை மாதிரி வெட்டைவெளியில நல்லா வேகம். மாங்குளம், ஒட்டுசுட்டான் காட்டுப்பக்கம் பாலை, வீரை மரத்துக்குக் கீழ நிண்டா ஃபிக்ஸ் வராது, ஃப்ளோட்டிலயே நிக்கும், அதைச் சேவ் பண்ணிக்கொண்டு வாற பழக்கம் என்னட்ட இல்லை. வெளியில ஒண்டையொண்டு பாக்கிற ரெண்டு பொயின்ட் அடிச்சு, அதில இருந்து டோட்டல் ஸ்டேசனால உள்ளுக்க போறது. உயரத்துக்கும் ஜிபிஎஸ்ஸை அப்பிடியே எடுக்கேலாது, எங்கட நாட்டில எலிப்சொயிட் உயரத்துக்கும் கடல் மட்ட உயரத்துக்கும் தொண்ணூறு மீட்டருக்கு மேல வித்தியாசம், திரையில மைனஸில காட்டும். குளம், வாய்க்கால் எண்டால் பெஞ்ச் மார்க்கில இருந்து லெவல் போட்டுத்தான் கொண்டுவருவன்.

அளந்த இடங்கள்

அக்கராயன் பக்கம் வாய்க்கால் வேலை: நடுக்கோடு, குறுக்குவெட்டு, பழைய கட்டமைப்புகள், விவசாயிகள் தாங்களே வெட்டி வச்ச திறப்புகள் எல்லாம் எடுத்தது. இதில நிறையப் படிச்சன். வாய்க்காலின்ர சரிவு 3000க்கு 1 எண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 33 சென்ரிமீட்டர்தான் இறக்கம், அதில லெவல் அஞ்சு சென்ரிமீட்டர் பிழைச்சாலே கடைசி வயலுக்குத் தண்ணி போகாது, பேந்து கமக்காரர் வந்து எங்களிட்டத்தான் கேப்பினம்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் சின்னக் குளங்கள்: கட்டு, கலிங்கு, துருசு, குளத்தின்ர உள்பக்கம். தண்ணி வத்தின காலத்தில உள்ளுக்க இறங்கி ஸ்பொட் லெவல் எடுத்து 0.5 மீட்டர் கொன்ரூர் போட்டு, எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணி நிக்கும் எண்டு கணக்கும் குடுத்தனாங்கள்.

பரந்தன் - முல்லைத்தீவு ரோட்டை அண்டின வடிகால், கல்வெட்டு. புதுக்குடியிருப்பில வீட்டுத்திட்டக் காணித்துண்டு பிரிப்பு (லைசென்ஸ்ட் சேவேயருக்குக் கீழ). பெர்மிட் காணிகளில ஆக்கள் பழைய கல்லைக் காட்டி ஒண்டு சொல்லுவினம், பிளான் இன்னொண்டு சொல்லும், அந்த இடத்தில ஆரோடயும் வாதாடாம ரெண்டையும் அளந்து கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் என்ர வேலை. பத்தை படர்ந்த காணிக்குள்ள கிராம சேவையாளரிட்ட விசாரிச்சு, வெடிபொருள் துப்பரவாக்கினது எண்டு தெரியாம ஆளை இறக்கமாட்டன், இதில மட்டும் அவசரப்படுத்த வேண்டாம்.

கீறுறது

ஆட்டோகாட், சிவில் 3டி. டொபோ பிளான், எல்-செக்சன், குறுக்குவெட்டு, மண்வேலைக் கணக்கு, புளொக் அவுட் பிளான், கட்டி முடிஞ்சபிறகு அஸ் பில்ட். கோர்டினேட் எஸ்எல்டி 99ல குடுப்பன். காணி அளவு ஹெக்டேரிலயும் ஏக்கர் - றூட் - பேர்ச்சிலயும் எழுதுவன், யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆக்கள் பரப்பில கேட்டா ஏக்கருக்கு 16 எண்டு மாத்திச் சொல்லிவிடுவன். பீல்டிலயே கோட் போட்டு எடுக்கிறதால அண்டைக்குப் பின்னேரமே லைன் தானா விழும்:

```
P,E,N,Z,CODE
41,459212.384,763205.117,27.642,TBM
42,459230.906,763198.450,26.915,CL
43,459232.871,763201.022,27.304,BT
44,459228.115,763194.226,25.880,TOE
```

டிபிஎம் தற்காலிக பெஞ்ச் மார்க், சிஎல் நடுக்கோடு, பிடி கட்டின்ர மேல்விளிம்பு, டோ அடிவிளிம்பு. வேற கோட் வச்சிருந்தா உங்கடயைத் தாங்கோ.

துல்லியம்

டிராவர்ஸ்: நீளப் பிழை 1:10,000க்குள்ள, கோணப் பிழை 10″√n. வராட்டி பங்கிட்டு மூடமாட்டன், திரும்ப அளப்பன்.
லெவலிங்: போய் வந்து மூடுறது, 12√K மிமீக்குள்ள (K கிலோமீட்டர்). நாலு கிலோமீட்டர் குளக்கட்டு ஒண்டில 24 மிமீ விடலாம், எங்களுக்கு வந்தது 9 மிமீ.
ஆர்டிகே: மெசின் பெட்டியில எழுதின மில்லிமீட்டரை நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை. தெரிஞ்ச பொயின்டில துடக்கத்திலயும் முடிவிலயும் செக் பண்ணி, அந்த வித்தியாசத்தையும் ரிப்போட்டில எழுதிக் குடுப்பன், உங்கட கன்சல்டன்ட் கேக்க முதலே.
பில்லுக்குப் போற மண்வேலைக் கணக்கெண்டால் நிலத்தை வெட்ட முதல் ஒரிஜினல் லெவல் எடுத்து, கன்சல்டன்ட் பக்கத்து ஆளின்ர கையெழுத்தும் அண்டைக்கே வாங்கிப்போடுவன், பிறகு சண்டை இல்லை.

மற்றது

தமிழ், வேலை கதைக்கிற அளவு சிங்களம், இங்கிலிஷில ரிப்போட் எழுதுவன். பைக் லைசென்ஸ் இருக்கு. சொந்தமா ஓட்டோ லெவலும் ஸ்டாஃபும் லப்டொப்பும் இருக்கு, டோட்டல் ஸ்டேசன் நீங்கள் தரவேணும், இல்லாட்டி வாடகைக்கு எடுத்துத் தருவன், அது வேற கணக்கு. சம்பளம் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் எதிர்பாக்கிறன், தங்குமிடம் தந்தா கதைக்கலாம். குளத்து வேலை எண்டால் மாரி துடங்க முதல், ஐப்பசிக்குள்ள லெவல் எல்லாம் எடுத்து முடிக்கவேணும், அதுக்கேத்த மாதிரிக் கூப்பிடுங்கோ. பழைய வேலையின்ர டிராயிங், லெவல் புக் பக்கங்கள் நேர வாறபோது கொண்டுவாறன். முந்தி வேலை செய்த சேவேயரின்ர நம்பரை அவரிட்டக் கேட்டுப்போட்டுத் தருவன்.