ஜூன் 9, 10, 11 லீவை சிக் லீவ்ல இருந்து கேஷுவல் லீவுக்கு மாத்தணும்

வணக்கம் மேடம்,

அக்கவுண்ட்ஸ் பேயபிள்ஸ்ல இருக்க சுதா எழுதுறேன். போன வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் நான் லீவு, போர்ட்டல்ல அது எஸ்எல்னு ஏறியிருக்கு, அதை சிஎல்லா மாத்தித் தரணும்.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு மதுரைல கேட்டராக்ட் ஆபரேஷன். டேட் அடுத்த மாசம்னுதான் சொல்லியிருந்தாங்க, திடீர்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி நாளைக்கு ஒரு இடம் காலியா இருக்கு வர்றீங்களான்னு கேட்டாங்க, உடனே பஸ் ஏறிட்டோம். அங்க போனா சுகர் ஜாஸ்தியா இருக்குன்னு ஒருநாள் தள்ளி வெச்சு செவ்வாய்க்கிழமைதான் பண்ணாங்க, புதன்கிழமை கட்டுப் பிரிச்சுப் பாத்துட்டு அனுப்புனாங்க. (இப்போ பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிறாரு.) திங்கக்கிழமை காலைல டீம் லீடுக்கு "ஆஸ்பத்திரில இருக்கேன் சார், புதன் வரைக்கும் வர முடியாது"ன்னு வாட்ஸப் போட்டேன், அவர் எனக்குத்தான் உடம்பு சரியில்லன்னு நெனச்சு, ஆப்சென்ட் விழக்கூடாதேன்னு அவர் லாகின்லயே எஸ்எல் போட்டு அப்ரூவும் பண்ணிட்டார். நல்லதுக்குத்தான் பண்ணார், அவரைக் குறை சொல்லல.

இப்போ ரெண்டு நாளைக்கு மேல எஸ்எல்னா மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேணும், இல்லன்னா எல்ஓபி ஆயிடும்னு சிஸ்டத்துல இருந்து மெயில் வந்துட்டே இருக்கு. எங்கிட்ட இருக்கறது அப்பா பேர்ல இருக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒரு காய்ச்சல் சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்னு சிலபேர் சொன்னாங்க, வராத காய்ச்சலுக்கு எதுக்கு மேடம் பொய் பேப்பர், அதுக்கு சிஎல் போறதே மேல். என் பேலன்ஸ்ல சிஎல் 4 இருக்கு.

ஒரே ஒரு சிக்கல், நம்ம பாலிசில சிஎல் சேந்தாப்ல ரெண்டு நாள்தான் எடுக்கலாம்னு இருக்கு. அதனால 9, 10 ரெண்டும் சிஎல், 11க்கு மே மாசம் ஆடிட்டுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை வந்து வேலை பாத்த காம்ப் ஆஃப் இன்னும் எடுக்காம கெடக்கு, அதைப் போட்டுக்கலாமா? அந்த ஞாயிறு பன்ச் டீடெய்ல்ஸ் அட்டெண்டன்ஸ்லயே இருக்கும். காம்ப் ஆஃபை சிஎல் கூட சேக்கக் கூடாதுன்னா ஒரு ஈஎல் கழிச்சிக்கங்க, எனக்கு ஓகே, எல்ஓபி மட்டும் வேணாம்.

நானே மாத்தலாம்னு பாத்தேன், ஆனா அப்ரூவ் ஆனதுக்கு அப்புறம் கேன்சல் பட்டனே வரமாட்டேங்குது, டீம் லீடு லாகின்லயும் அதே கதைதான், எச்ஆர் சைடுல ரிவர்ஸ் பண்ணாதான் ஆகும்போல. அவரை சிசில வெச்சிருக்கேன், மாத்தறதுக்கு சம்மதம்னு இதே மெயில்லயே ரிப்ளை போடறேன்னிருக்கார். வாட்ஸப் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அட்டாச் பண்ணியிருக்கேன், சம்மரி உங்க பார்வைக்கு மட்டும், ஃபைல்ல போட வேணாம்.

24ஆம் தேதி சம்பள இன்புட் க்ளோஸ் ஆகுதுன்னு சொன்னாங்க, அதுக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா அடுத்த மாசம் அரியர்ஸ்னு மறுபடி உங்களையே வந்து தொந்தரவு பண்ண வேண்டியிருக்காது. ஃபார்ம் ஏதாவது எழுதிக் குடுக்கணும்னா சொல்லுங்க, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மேல வந்து கையெழுத்துப் போட்டுடறேன்.

நன்றி மேடம்,
சுதா
அக்கவுண்ட்ஸ், ரெண்டாவது மாடி