காதுகுத்து விருந்து: பட்டியல் மாற்றமும் இலைக் கணக்கும்

அன்புள்ள சமையல்கார அண்ணனுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காதுகுத்துக் காலை விருந்துக்கு 180 இலை உறுதி. அதில் 25 குழந்தைகள். போனில் பேசியபடி கேசரி வேண்டாம், ஒப்புட்டு போடுங்கள். இடியாப்பத்துக்குப் பதில் சந்தகை, தேங்காய்ப்பாலுடன். சூடு ஆறாமல் பிழிந்து இலைக்கு வந்தால்தான் அதற்கு ருசி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். என் அக்கா பேரனுக்கு நிலக்கடலை ஆகாது. போன தை மாதம் ஒரு வாய் சட்னியிலேயே உதடு தடித்து மூச்சு இழுத்தது, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதனால் கடலைச் சட்னியும் கடலை எண்ணெயும் அன்று அடுப்படிக்கே வர வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போதும். வாணலி, கரண்டிகளைப் பழைய பிசுக்கு இல்லாமல் கழுவிவிடுங்கள். பரிமாறும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

சின்ன மாமாவுக்குப் பால், தயிர், நெய் சேராது. அவருக்கு நெய் தடவாத ஒப்புட்டு வையுங்கள்.

தொகை மாறினால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சரசுவதி,
கோபிசெட்டிபாளையம்